ஐந்து பந்துகளுக்கு ஏழே நிறுவை: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

“26 பந்துகளை 100 நிறுவைக்குள் அடுக்கிவிடுகிறேன். ஆனால் வெறும் 5 பந்துகளில் தோற்றுப்போகிறேன். எங்கே தவறு?” கணினிப் போட்டிகளுக்குத் தயாராகும் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அனேகமாக எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். டோக்கியோவில் இருந்து இயங்கும் அட்கோடர் நிறுவனத்தின் பயிற்சிப் போட்டியில் இரண்டாவதாக வரும் கணக்கு அது.

கணக்கு எளிமையானது. N பந்துகள், பெயர்கள் A, B, C என்று வரிசையாக. எந்த இரண்டின் எடையும் ஒன்றல்ல. எடை எவ்வளவு என்று கேட்க முடியாது. இரண்டு பந்துகளைத் தராசின் இரு தட்டுகளிலும் வைத்து எது கனம் என்று மட்டும் கேட்கலாம். நிரல் `? A B` என்று கேட்டால், B கனமானால் `<` என்றும், A கனமானால் `>` என்றும் பதில் வரும். அதிகபட்சம் Q தடவை கேட்டு, லேசானதிலிருந்து கனமானது வரை அடுக்கிச் சொல்ல வேண்டும். மூன்று நிலைகள் உண்டு: 26 பந்துகளுக்கு 1000 நிறுவை, 26 பந்துகளுக்கு 100 நிறுவை, 5 பந்துகளுக்கு 7 நிறுவை. இப்படி இரண்டு பந்துகளைத் தராசில் ஒருமுறை ஒப்பிடுவதையே இங்கே நிறுவை என்கிறேன்.

மூன்று நிலைகளுக்கும் ஒரே முறையை வைத்துக்கொண்டு முட்டிமோதுவதில்தான் பலரும் சிக்குகிறார்கள். எந்த முறை எங்கே போதும், எங்கே போதாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், மிக மோசமான நிலையில் ஆகும் நிறுவைகள். சராசரி இங்கே உதவாது. பந்துகளின் வரிசையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த வரிசை வந்தாலும் Q-வைத் தாண்டக் கூடாது.

இதற்கு ஓர் அடிமட்ட எல்லை உண்டு. 5 பந்துகளை 120 விதமாக அடுக்கலாம். நிறுப்பதற்கு முன் அந்த 120-ல் எதுவும் விடையாக இருக்கலாம். ஒவ்வொரு நிறுவையும் மீதமுள்ள சாத்தியங்களை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒன்றை நம்மிடம் விட்டுவைக்கிறது. கெட்ட நேரமென்றால் பெரிய குவியல்தான் நம்மிடம் மிஞ்சும். எனவே மிகக் கச்சிதமாகப் பாதிபாதியாகப் பிரித்தாலும் 6 நிறுவையில் 64 விடைகளைத்தான் பிரித்தறிய முடியும். 7 நிறுவையில் 128. ஆகவே 5 பந்துகளுக்கு 7-க்குக் கீழே யாராலும் உறுதி சொல்ல முடியாது. கணக்கு 7 என்று கேட்பது சாத்தியத்தின் கடைசி விளிம்பு. 128-ல் 120 ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், வீணடிக்க நமக்கு அனேகமாக இடமே இல்லை. 26 பந்துகளுக்கு இதே கணக்கு 89 தருகிறது. அங்கே கணக்கு 100 நிறுவை தருவதால் 11 நிறுவை தாராளம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் 26-ல் வென்றவர்கள் 5-ல் தோற்கும் காரணம் இருக்கிறது.

இரண்டாவது, கணக்கு வைத்துக்கொள்ளும் சுமை. எந்தப் பந்து எதற்கு ஜோடி, வரிசை இப்போது எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் தாளிலோ நிரலிலோ பிசகாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு பதில் தவறிப்போனால் சேதம் எவ்வளவு என்பது. கணினி நடுவர் தவறு செய்வதில்லை. கையில் பிடித்த தராசு செய்யும். நான்காவது, பந்துகள் எல்லாம் முதலிலேயே கையில் இருக்கின்றனவா, ஒவ்வொன்றாக வருகின்றனவா என்பது.

## முறை 1: எல்லா ஜோடிகளையும் நிறுப்பது

ஒவ்வொரு பந்தையும் மற்ற எல்லாவற்றோடும் நிறுத்து, எத்தனை பந்துகளைவிட அது கனம் என்று எண்ணுங்கள். 0 வாங்கியது முதலில், 1 வாங்கியது அடுத்து, அவ்வளவுதான். 5 பந்துகளுக்கு 10 நிறுவை, 26 பந்துகளுக்கு 325. பபிள் சார்ட், பக்கத்தில் உள்ளதோடு மாற்றிக்கொண்டே போகும் சாதாரணச் செருகல் ஆகியவற்றுக்கும் மோசமான நிலையில் இதே எண்ணிக்கைதான்.

1000 நிறுவை கிடைக்கும் முதல் நிலைக்கு இதுவே போதும். இதைத் தாண்டி அங்கே எதையும் எழுத வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் நுணுக்கமான முறையை எழுதி, அதில் ஒரு சுட்டெண் பிசகி, அரை நாள் தொலைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த முறைக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு நன்மை உண்டு. தவறான பதில் வந்தால் பெரும்பாலும் அது வெளியே தெரிந்துவிடும். சரியான பதில்கள் என்றால் மதிப்பெண்கள் 0, 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றும் ஒருமுறை வரும். A-ஐவிட B கனம், B-ஐவிட C கனம், ஆனால் C-ஐவிட A கனம் என்று ஒரு சுழல் விழுந்தால் இரண்டு பந்துகள் ஒரே மதிப்பெண் வாங்கும்; உடனே பிடித்துவிடலாம். ஆனால் இதை முழுக் காவலாக நம்பிவிடக் கூடாது. வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பந்துகளின் பதில் மட்டும் மாறிப்போனால் எந்தச் சுழலும் விழாது. அந்த இரண்டும் இடம் மாறிய, பார்வைக்குச் சரியான ஒரு வரிசைதான் கிடைக்கும். கைத்தராசு தடுமாறுவதோ பெரும்பாலும் இப்படி எடை நெருங்கிய ஜோடிகளிடம்தான்.

## முறை 2: பைனரி தேடலோடு செருகுவது

அடுக்கி முடித்த வரிசை ஒன்றை வைத்துக்கொள்கிறோம். புதிய பந்தை முதலில் நடுப் பந்தோடு நிறுக்கிறோம். லேசானால் இடது பாதி, கனமானால் வலது பாதி. அந்தப் பாதியின் நடுவோடு மறுபடியும். இடம் தெரிந்ததும் செருகிவிட்டு அடுத்த பந்துக்குப் போகிறோம்.

26 பந்துகளுக்குக் கூட்டிப் பார்ப்போம். இரண்டாவது பந்துக்கு 1 நிறுவை. மூன்றாவது, நான்காவது பந்துகளுக்கு இரண்டிரண்டாக 4. ஐந்து முதல் எட்டு வரை மும்மூன்றாக 12. ஒன்பது முதல் பதினாறு வரை நந்நான்காக 32. பதினேழு முதல் இருபத்தாறு வரை ஐயைந்தாக 50. மொத்தம் 99. 100-க்கு ஒன்று குறைவு! இரண்டாம் நிலைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பந்துகள் ஒவ்வொன்றாக வரும் சூழலிலும் இதுவே நல்ல தேர்வு. அடுத்த பந்து வரும்வரை கையில் இருப்பது எப்போதும் முழுமையாக அடுக்கிய வரிசைதான்.

ஆனால் 5 பந்துகளுக்கு? 1 + 2 + 2 + 3 = 8. ஒன்று கூடுதல்.

எங்கே நழுவியது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். முதல் மூன்று நிறுவைகளில் இந்த முறை மூன்று பந்துகளை முழுமையாக அடுக்கி முடிக்கிறது. மூன்று பந்துகளுக்கு 6 வரிசைகள். அவற்றில் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். 120-ஐ 6-ஆல் வகுத்தால் இன்னும் 20 சாத்தியங்கள் மீதி. கையில் இருப்பதோ 4 நிறுவை, அவை பிரித்தறியக் கூடியது 16. ஆக, மூன்றாவது நிறுவை முடிந்தபோதே ஆட்டம் போய்விட்டது. அதற்குப் பிறகு நான்காவது, ஐந்தாவது பந்துகளை எவ்வளவு சாமர்த்தியமாகச் செருகினாலும் மீட்க முடியாது. பிழையைத் தேடி நிரலின் கடைசி வரிகளைத் துழாவும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தவறு தொடக்கத்தில் இருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து இன்னொன்று. இந்த முறை 120 வரிசைகளில் சிலவற்றில்தான் தோற்கிறது. நடுவை எப்படித் தேர்ந்தெடுத்தாலும் 32 வரிசைகளில்தான் 8 நிறுவை ஆகிறது. மற்ற 88-ல் 7-க்குள் முடிந்துவிடும். அதனால் கையால் இரண்டு மூன்று வரிசைகளைச் சோதித்துப் பார்ப்பவருக்கு “எல்லாம் சரி” என்று தோன்றிவிடும். அனுப்பிய பிறகுதான் தோல்வி வரும்.

தவறான பதிலைப் பொறுத்தவரை இந்த முறை மிகவும் பலவீனமானது. முதல் நிறுவையிலேயே பதில் மாறினால் பந்து தவறான பாதிக்குள் போய்விடும். பிறகு வரும் சரியான பதில்கள் அதை வெளியே கொண்டுவருவதில்லை.

## முறை 3: மெர்ஜ் சார்ட்

பந்துகளை இரு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனியே அடுக்கி, பிறகு இரண்டு வரிசைகளின் முனையில் உள்ள பந்துகளை நிறுத்து நிறுத்து லேசானதை எடுத்து ஒன்றாகக் கோப்பது. 26 பந்துகளுக்கு மோசமான நிலையில் இதுவும் 99. 5 பந்துகளுக்கு இதுவும் 8. இது தற்செயல் அல்ல. சரிபாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் மெர்ஜ் சார்ட்டும் பைனரி செருகலும் எந்த எண்ணிக்கைக்கும் மோசமான நிலையில் ஒரே அளவு நிறுவைகளைத்தான் கேட்கின்றன.

அப்படியானால் இரண்டில் எது? ஒரே தராசு, ஒரே ஆள் என்றால் எழுத வசதியானதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தராசுகள் இருந்தால் மெர்ஜ் சார்ட். பாதிகளைத் தனித்தனி ஆட்கள் ஒரே நேரத்தில் அடுக்கலாம். பைனரி செருகலில் ஒரு நிறுவையின் பதில் தெரிந்தால்தான் அடுத்ததை முடிவு செய்ய முடியும். பந்துகள் ஏற்கெனவே ஓரளவு வரிசையில் இருந்தாலும் மெர்ஜ் சார்ட் லாபம். ஒரு பாதி தீர்ந்துவிட்டால் மறு பாதியின் மீதியை நிறுக்காமல் அப்படியே சேர்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. 99 என்ற கணக்கு சரிபாதியாகப் பிரித்தால்தான்: 26-ஐ 13, 13 என்று, 13-ஐ 6, 7 என்று. அளவு 1, 2, 4, 8 என்று கீழிருந்து கோத்துக்கொண்டே போகும் வடிவத்தில் கடைசியில் 16-உம் 10-உம் சேரும். அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்காமல் 99 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

## நடுவில் ஒரு வார்த்தை: குயிக் சார்ட்டும் நூலகச் செயல்களும்

குயிக் சார்ட் வேகமானது என்ற பெயரை நம்பி இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர். 26 பந்துகளுக்கு அதன் சராசரியே ஏறத்தாழ 104 நிறுவை. சராசரியே 100-ஐத் தாண்டும் முறையை 100-க்குள் முடிக்க வேண்டிய இடத்தில் எடுப்பதில் அர்த்தமில்லை. மோசமான நிலையில் 325 வரை போகும். கணினிக்குள் குயிக் சார்ட் வெல்வதற்குக் காரணம், அங்கே ஒப்பீடு மலிவு, நினைவகத்தில் நகர்வதுதான் செலவு. இங்கே விலை தலைகீழ்: நகர்த்துவது இலவசம், நிறுப்பதற்கு மட்டுமே விலை.

சி++ மொழியின் `std::sort` செயலுக்குள் நிறுவைக் கேள்வியை வைத்து எழுதுவோரும் உண்டு. ஜிசிசி-யோடு வரும் நூலகத்தில் 16 அல்லது அதற்குக் குறைவான உறுப்புகள் இருந்தால் அது சாதாரணச் செருகலுக்கு மாறிவிடும். 5 பந்துகள் என்றால் நேரே அந்தப் பாதைதான். 7 நிறுவைக்குள் முடியும் என்ற உறுதி கிடையாது. நூலகச் செயல்கள் நிறுவையை எண்ணிச் செலவழிக்க எழுதப்பட்டவை அல்ல. முதல் நிலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

## முறை 4: ஜோடி சேர்த்துச் செருகுவது

5 பந்துகளை 7 நிறுவையில் அடுக்கலாம் என்பதை ஹோவர்ட் டெமுத் 1956-ல் தம் ஆய்வேட்டில் காட்டினார். 1959-ல் லெஸ்டர் ஃபோர்டு, செல்மர் ஜான்சன் இருவரும் இதை எந்த எண்ணிக்கைக்கும் விரித்தார்கள். அதனால் இதற்கு ஃபோர்டு–ஜான்சன் முறை என்று பெயர்.

இதன் கரு ஒரே யோசனைதான். பைனரி தேடல் 3 பந்துகளுக்குள் செருகும்போது 4 இடங்களை 2 நிறுவையில் சரியாகப் பிரிக்கிறது, எதுவும் வீணாவதில்லை. 7 பந்துகளுக்குள் செருகினால் 8 இடங்கள், 3 நிறுவை. அதிலும் வீண் இல்லை. ஆனால் 4 பந்துகளுக்குள் செருகினால் 5 இடங்கள். 2 நிறுவை போதாது, 3 நிறுவையோ 8 இடங்களுக்கு உரியது. அங்கேதான் விரயம். ஆகவே செருகும் ஒவ்வொரு முறையும் எதிரே 1, 3, 7, 15 என்ற அளவை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் முதலிலேயே ஜோடி சேர்ப்பது.

வீட்டில் ஒரே மாதிரியான ஐந்து சிறு டப்பாக்களில் அரிசி நிரப்பி, எடையை உள்ளே சீட்டில் எழுதி மூடி, கைத்தராசை வைத்து இதைச் செய்து பார்த்தேன். சீட்டில் இருந்தவை: A 52 கிராம், B 38, C 61, D 45, E 40. தராசு பிடித்தவருக்கு இவை தெரியாது.

முதல் நிறுவை A, B. A இறங்கியது: B < A. இரண்டாவது C, D. C இறங்கியது: D < C. மூன்றாவது, இரண்டு ஜோடிகளிலும் கனமானவை: A, C. C இறங்கியது. இப்போது கையில் B < A < C என்ற சங்கிலி. அதோடு, D எங்கே இருந்தாலும் C-க்குக் கீழேதான் என்ற செய்தி. E இன்னும் தராசில் ஏறவே இல்லை.

இந்த இடத்தில் நின்று எண்ணுங்கள். மூன்று நிறுவையும் 120-ஐச் சரிபாதியாகவே வெட்டியிருக்கின்றன: 60, 30, 15. மீதி 15, கையில் உள்ள 4 நிறுவைக்கு 16 வரை தாங்கும். பைனரி செருகல் இதே இடத்தில் 20-ஐ வைத்துக்கொண்டு நின்றது.

அடுத்து எதைச் செருகுவது? கை தானாக D-ஐ நோக்கிப் போகும். அதைப் பற்றித்தான் ஏற்கெனவே ஏதோ தெரியும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். D, C-க்குக் கீழே என்பதால் அது B, A என்ற இரண்டுக்குள் மட்டுமே செருகப்படும்: 3 இடங்கள், மோசமான நிலையில் 2 நிறுவை. சரிதான், ஆனால் 4 இடங்களைத் தாங்கும் 2 நிறுவையை 3 இடங்களுக்குச் செலவழித்துவிட்டோம். பிறகு E வரும்போது சங்கிலி நான்காகிவிட்டது. 5 இடங்கள், 3 நிறுவை. மொத்தம் 8.

ஆகவே முதலில் E. சங்கிலி B < A < C. மூன்று டப்பாக்கள், 4 இடங்கள். நான்காவது நிறுவை E-ஐ நடுவிலுள்ள A-யோடு: E லேசு. ஐந்தாவது E, B. எடை 40-உம் 38-உம். எங்கள் கைத்தராசு இங்கே தயங்கியது. முள் நடுவில் நின்று மெல்ல ஆடியது. தட்டுகளை மாற்றி வைத்து மறுபடி பார்த்த பிறகுதான் E பக்கம் சாய்வது உறுதியானது. இப்போது B < E < A < C.

இனி D. அது C-க்குக் கீழே என்பது தெரியும், எனவே B, E, A ஆகிய மூன்றுக்குள் மட்டும் தேடினால் போதும். ஆறாவது நிறுவை நடுவிலுள்ள E-யோடு: D கனம். ஏழாவது A-யோடு: D லேசு. முடிந்தது: B, E, D, A, C. ஒருவேளை E, C-ஐவிடக் கனமாக இருந்திருந்தால் D தேட வேண்டியது B, A என்ற இரண்டுக்குள் மட்டும். அப்போதும் 2 நிறுவைக்கு மேல் ஆகாது. எந்தக் கிளையில் போனாலும் 3 + 2 + 2-ஐத் தாண்டாது.

நிரலில் இது இவ்வளவுதான்:

```
def ask(a, b):
    print("?", a, b, flush=True)
    return input() == "<"

def insert(s, x, hi):
    lo = 0
    while lo < hi:
        m = (lo + hi) // 2
        if ask(s[m], x): lo = m + 1
        else: hi = m
    return s[:lo] + [x] + s[lo:]

def five(a, b, c, d, e):
    if not ask(a, b): a, b = b, a
    if not ask(c, d): c, d = d, c
    if not ask(b, d): a, b, c, d = c, d, a, b
    s = insert([a, b, d], e, 3)
    return insert(s, c, s.index(d))
```

கடைசி வரியில் `s.index(d)` என்பதைத் தவறவிடாதீர்கள். c-க்கு ஜோடியான d இப்போது எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே மட்டும் தேடச் சொல்வது அதுதான். அதற்குப் பதிலாக `len(s)` என்று போட்டால் விடை சரியாகவே வரும். ஆனால் நான்குக்குள் தேடுவதால் சில வரிசைகளில் எட்டாவது நிறுவை வந்துவிடும். மூன்றாவது நிறுவையில் ஜோடிகளை மாற்றும்போது நான்கு பெயர்களும் சேர்ந்து மாற வேண்டும் என்பதும் முக்கியம். கனமானவற்றை மட்டும் மாற்றிவிட்டு லேசானவற்றை மறந்தால் விடையே தவறாகிவிடும்.

`flush=True` சிறிய விஷயம்போலத் தோன்றும். அது இல்லாவிட்டால் கேள்வி இடைநினைவகத்திலேயே தங்கிவிடலாம். நடுவர் கேள்விக்காகவும் நிரல் பதிலுக்காகவும் ஒருவருக்கொருவர் காத்துக்கிடந்து, நேரம் முடிந்தது என்ற முடிவு வரும். நேரம் போதவில்லை என்று பார்த்ததும் முறையைக் குறை சொல்லாதீர்கள். 26 பந்துகளில் எந்த முறைக்கும் நேரம் ஒரு பிரச்சினையே அல்ல.

26 பந்துகளுக்கு இதே முறையை விரித்தால் என்ன ஆகும்? 13 ஜோடிகளுக்கு 13 நிறுவை. கனமான 13-ஐ இதே முறையில் அடுக்க 34. மீதி 13 லேசானவற்றை அவற்றின் ஜோடிகள் அடுக்கப்பட்ட வரிசையிலேயே எண்ணினால், முதலாவது தானாகவே அடியில் உட்காரும். மற்றவற்றைச் செருகும் வரிசைதான் வினோதமானது: 3, 2, பிறகு 5, 4, பிறகு 11 முதல் 6 வரை பின்னோக்கி, கடைசியில் 13, 12. ஒவ்வொரு குழுவும் முறையே 3, 7, 15, 31 என்ற அளவைத் தாண்டாத சங்கிலிக்குள் செருகப்படும்படி இந்த வரிசை அமைந்திருக்கிறது. அதற்கு 44 நிறுவை. மொத்தம் 91.

91 அழகான எண். ஆனால் இரண்டாம் நிலைக்கு 99 போதும் என்னும்போது, இந்த எட்டு நிறுவை லாபத்துக்காக ஜோடிப் பட்டியலையும் பின்னோக்கிய வரிசையையும் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு நிறுவைக்கும் உண்மையிலேயே பணமோ நேரமோ செலவாகும் இடத்தில் மட்டும் அது நியாயம்: ஒவ்வொரு ஒப்பீடும் ஒரு ஆய்வகச் சோதனை என்றாலோ, சுவை பார்த்துச் சொல்லும் ஒருவரை அழைத்து வர வேண்டும் என்றாலோ. மேலும், இது எல்லா எண்ணிக்கைக்கும் மிகச் சிறந்த முறை என்றும் எண்ணிவிடக் கூடாது. 12 பந்துகளுக்கு எண்ணிக்கைக் கணக்கு 29 என்கிறது, இந்த முறைக்கு 30 ஆகிறது. அந்த 30-ஐக் குறைக்க முடியாது என்று மார்க் வெல்ஸ் 1965-ல் கணினி வழியாக நிறுவினார். ஆனால் பெரிய எண்ணிக்கைகளில் சிலவற்றுக்கு இதைவிடக் குறைந்த நிறுவையில் முடிக்கலாம் என்று க்ளென் மனாக்கர் 1979-ல் காட்டினார்.

## பக்கம் பக்கமாக

| முறை | 5 பந்துகள் | 26 பந்துகள் | எங்கே எடுக்கலாம் |
|---|---|---|---|
| எல்லா ஜோடிகளும் | 10 | 325 | நிறுவை தாராளம். தவறைப் பிடிக்க வேண்டும் |
| குயிக் சார்ட் | 10 | 325 | இங்கே வேண்டாம் |
| பைனரி செருகல் | 8 | 99 | பந்துகள் ஒவ்வொன்றாக வரும்போது |
| மெர்ஜ் சார்ட் | 8 | 99 | தராசு பல. பாதி வரிசை ஏற்கெனவே இருந்தால் |
| ஃபோர்டு–ஜான்சன் | 7 | 91 | ஒவ்வொரு நிறுவையும் விலை உயர்ந்தது |
| அடிமட்ட எல்லை | 7 | 89 | |

எல்லா எண்களும் மிக மோசமான நிலைக்கானவை.

அட்கோடர் கணக்கை எழுதுகிறவருக்கு என் யோசனை: ஒரே நிரலில் இரண்டு பாதைகள் வையுங்கள். N = 5 என்றால் மேலே உள்ள `five`. 26 என்றால் அதே `insert` செயலை வைத்து, ஒவ்வொரு பந்தையும் `len(s)` வரை தேடிச் செருகும் பைனரி செருகல். Q 1000-ஆ 100-ஆ என்று பார்க்கவே வேண்டாம். 99 இரண்டுக்கும் போதும். புதிதாக எழுத வேண்டியது மூன்றே வரிகள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். `ask` செயலை நடுவரிடம் கேட்காமல் உள்ளேயே ஒரு எடைப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லும்படி மாற்றி, ஒவ்வொரு அழைப்பையும் எண்ணுங்கள். A முதல் E வரையிலான 120 எடை வரிசைகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து `five`-ஐ ஓட்டுங்கள். 112 வரிசைகளுக்குச் சரியாக 7, மீதி 8 வரிசைகளுக்கு 6 என்று வர வேண்டும். எங்காவது 8 என்று தெரிந்தால் `s.index(d)` இருக்கும் வரியைப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து அடுக்கு மட்டும் தவறினால் மூன்றாவது நிறுவையின் பெயர் மாற்றத்தைப் பாருங்கள்.